‘காத்திருக்கவும்’ என்பதை வேறு எப்படிச் சொல்வது?

காலை 9:10. இன்டர்நெட் கம்பெனி ஒன்றின் கால் சென்டருக்கு ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுபவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. “நேத்து ராத்திரியிலேருந்து நெட் வரலைப்பா. பத்து மணிக்குப் பேத்திக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ இருக்கு” என்கிறார். எதிர்முனையில் இருக்கும் இளைஞருக்குக் கம்பெனி ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறது. அதில் இருப்பது இது:

“பதிவு செய்யப்பட்ட கைபேசி எண்ணைக் கூறவும். மோடத்தை அணைத்து மீண்டும் இயக்கவும். இணைப்பில் காத்திருக்கவும். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது. 24 மணி நேரத்திற்குள் சரிசெய்யப்படும். வேறு ஏதேனும் உதவி தேவையா?”

இதில் ஒரு சொல்கூட மரியாதைக் குறைவானது இல்லை. ஆனாலும் கேட்கிறவருக்கு, தாலுகா ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை யாரோ வாசித்துக் காட்டுவதுபோல இருக்கும். சுருக்கமாகவும் இருக்க வேண்டும், ஒரு மனிதர் பேசுவதுபோலவும் இருக்க வேண்டும் என்றால் இதை எப்படி மாற்றி எழுதுவது?

பெரும்பாலும் முதலில் நடப்பது சர்க்கரை தூவும் வேலை. “எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு நாங்கள் மிகவும் வருந்துகிறோம்” என்று ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று சேர்ப்பார்கள். அழைப்பு நீளும், குளிர் குறையாது. கால் சென்டரில் ஓர் அழைப்புக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ‘ஏ.எச்.டி.’ என்று கணக்கு வைப்பார்கள். அது ஏறியதும் டீம் லீடர் வந்து நிற்பார். அன்பாகப் பேசினால் நேரம் விரயம் என்று ஒரு முடிவு கட்டப்படும், பழைய ஸ்கிரிப்டே திரும்பி வரும்.

சிக்கல் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை. வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. தமிழில் மரியாதையைக் காட்ட ‘தயவுசெய்து’ என்று தனியாக ஒரு சொல் போட வேண்டியதில்லை. ‘சொல்லுங்க’, ‘இருங்க’ என்பதில் வரும் அந்த ‘ங்க’ போதும். ‘கூறவும்’, ‘காத்திருக்கவும்’ என்பவை எழுத்தில் மட்டும் வாழும் வடிவங்கள். எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமல், எல்லோருக்கும் பொதுவாக எழுதி ஒட்டுவதற்கு ஏற்பட்டவை. அதைக் காதில் சொன்னால் ‘நீங்கள் யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்’ என்று கேட்கும். ‘கூறவும்’ என்பதைவிட ‘சொல்லுங்க’ என்பதற்கு நேரம் எதுவும் கூடுதலாக ஆகாது.

இரண்டாவது குளிர், ‘பதிவு செய்யப்பட்டுள்ளது’, ‘சரிசெய்யப்படும்’ என்ற செயப்பாட்டு வினை. யார் பதிந்தார்? யார் சரிசெய்வார்? வாக்கியத்தில் ஆள் இல்லை. ‘நான் பதிஞ்சுட்டேன்’ என்றால் ஓர் ஆள் வந்துவிடுகிறார். இதை ஒட்டி ஓர் ஆய்வு உண்டு. கிரான்ட் பேக்கார்ட், சாரா மூர், பிரென்ட் மெக்ஃபெரன் ஆகிய மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளரிடம் பேசும் ஊழியர் ‘நாங்கள்’ என்பதைவிட ‘நான்’ என்று பேசும்போது வாடிக்கையாளரின் திருப்தி கூடுகிறது என்று கண்டார்கள். கம்பெனி சார்பில் பேசுவதால் ‘நாங்கள்’தான் பொருத்தம் என்பது பலருடைய நினைப்பு. கேட்பவருக்கோ தன் காரியத்தை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டாரா என்பதுதான் கேள்வி.

அந்த ஆய்வு ஆங்கிலப் பேச்சை வைத்துச் செய்தது. தமிழில் அந்த ‘நான்’ வினைக்குள்ளேயே இருக்கிறது. ‘பார்க்கறேன்’ என்றாலே ‘நான்’ வந்துவிட்டது. ‘பார்க்கறோம்’ என்றால் அதில் யார் பார்க்கப்போகிறார் என்பது தெரியாது. ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

இனி அந்த ஆசிரியையின் அழைப்பை வரிவரியாக எடுத்து மாற்றிப் பார்ப்போம்.

அவர் இரண்டு செய்தி சொன்னார்: நேற்று இரவிலிருந்து வரவில்லை, பத்து மணிக்கு இன்டர்வியூ. பழைய ஸ்கிரிப்ட் இரண்டையும் தாண்டிக் கைபேசி எண்ணுக்குப் போகிறது. தான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியாததால் அவர் அதையே மறுபடி சொல்வார், முதல் தடவையைவிட நீளமாக. புதிய வரி இது: “நேத்து ராத்திரியிலேருந்து வரலை, பத்து மணிக்கு இன்டர்வியூ. சரிங்கம்மா, பார்க்கறேன். இந்த நம்பர்லதான் கனெக்‌ஷன் வாங்கியிருக்கீங்களா?” அவர் சொற்களையே சுருக்கித் திருப்பிச் சொன்னதால், இன்னொரு முறை சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. எண் திரையில் தெரிவதால் பத்து இலக்கத்தை ஒப்பிக்கச் சொல்லாமல் ‘ஆமாம்’ என்ற ஒரு சொல்லில் வேலை முடிகிறது. ஆனால் பெயர், முகவரியை இப்படி நாமே வாசித்துக்காட்டி ‘சரிதானே’ என்று கேட்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட முடியும். அவற்றை அவர் வாயால்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது மோடம். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் LOS என்று எழுதிய ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளிச் சிக்னல் வரவில்லை என்று பொருள். வயர் அறுந்திருக்கலாம், இணைப்பு முனை கழன்றிருக்கலாம். அந்த நிலையில் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அறுந்த வயர் ஒட்டாது. ஆனால் பழைய ஸ்கிரிப்ட் எல்லோரையும் முதலில் அணைத்துப் போடச் சொல்கிறது. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கைத் தேடி, பெட்டி மறுபடி உயிர்பெற இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். புதிய வரி: “பெட்டியில சிவப்பு லைட் ஏதாவது எரியுதா, பார்த்துச் சொல்றீங்களா?” எரிகிறது என்றால் அந்த நிமிடங்கள் மிச்சம். மற்ற வரிகளில் கூடும் சொற்களுக்கான நேரத்தை இந்த ஒரு கேள்வியே ஈடுகட்டிவிடும். வயதான ஒருவரைக் குனிந்து நிமிர வைக்காமல் இருப்பதைவிடப் பெரிய கனிவை எந்தச் சொல்லாலும் காட்டிவிட முடியாது.

இப்போது ‘காத்திருக்கவும்’. ஊழியர் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பார், இந்தப் பக்கம் அமைதி. சில நொடிகளில் “ஹலோ… இருக்கீங்களா?” என்று குரல் வரும். அவர் வேலையை விட்டுவிட்டு “இருக்கேன்” என்பார். புதிய வரி: “உங்க ஏரியா லைனைப் பார்க்கறேன், ஒரு நிமிஷம் ஆகும். லைன்லயே இருங்க.” ஒரு சொல் நான்கு மடங்குக்கு மேல் நீண்டதென்னவோ உண்மை. ஆனால் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டதால் அவர் நிம்மதியாக இருப்பார், குறுக்கே கேட்க மாட்டார். ஒரு நிமிடத்துக்குள் முடியவில்லை என்றால், கேட்பதற்கு முன்பே திரும்பி வந்து சொல்லிவிட வேண்டும்.

பிறகு வருவதுதான் கடினமான இடம். ஆள் நேரில் வர வேண்டும். பத்து மணிக்குள் நடக்காது. இதைப் பழைய ஸ்கிரிப்ட் ‘24 மணி நேரத்திற்குள்’ என்று மூடிவிடுகிறது. புதிய வரி: “வெளியில லைன்ல கோளாறு இருக்குங்கம்மா, ஆள் நேர்ல வந்துதான் பார்க்கணும். நான் இப்பவே பதிஞ்சுட்டேன். பத்து மணிக்குள்ள சரியாகாது. நாளைக்குக் காலைல ஒன்பதே காலுக்குள்ள சரியாயிடணும். இன்டர்வியூவுக்கு மொபைல்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கச் சொல்லுங்க, போதும்.”

நடக்காததை முதலிலேயே, இழுக்காமல் சொல்லிவிட்டார். ‘24 மணி நேரம்’ கடிகார நேரமாக மாறியது. இனி அவர் விரல்விட்டு எண்ண வேண்டாம். பொதுச் சொற்கள் போய், ‘லைன்’, ‘ஆள்’, ‘இன்டர்வியூ’ என்ற கண்ணுக்குத் தெரியும் சொற்கள் வந்தன. பேக்கார்டும் ஜோனா பெர்கரும் 2021இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு சொல்வதும் இதைத்தான்: ஊழியர் இப்படிக் குறிப்பான சொற்களில் பேசினால், தான் சொன்னதை அவர் கவனித்துக் கேட்டார் என்று வாடிக்கையாளர் உணர்கிறார். ஓர் எச்சரிக்கை: ‘சாயங்காலமே வந்துடுவாங்க’ என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடக் கூடாது. கம்பெனி கொடுத்த கெடு நாளைக் காலை என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். பொய்த்துப்போன கனிவு மறுநாள் கோபத்தோடு திரும்பக் கூப்பிடும்.

முடிவு வரி ‘வேறு ஏதேனும் உதவி தேவையா?’ காரியம் ஆகாதவரிடம் இதைக் கேட்டால் கேலிபோல இருக்கும். அதற்குப் பதில்: “புகார் நம்பர் எஸ்.எம்.எஸ்ல வரும், எழுதிக்க வேண்டாம். ஒன்பதே காலுக்கும் சரியாகலைன்னா அந்த நம்பரைச் சொன்னாப் போதும், முதல்லேருந்து சொல்ல வேண்டியதில்லை.”

இந்தப் புதிய வரிகளை அச்சடித்து அப்படியே ஒப்பிக்கச் சொன்னால் அதுவும் ஒரு வாரத்தில் நோட்டீஸ் ஆகிவிடும். ஆசிரியை ‘வரலைப்பா’ என்று ஆரம்பித்ததால்தான் ‘சரிங்கம்மா’ பொருந்தியது. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் அதே ‘அம்மா’ உறுத்தலாம். அங்கே ‘மேடம்’ அல்லது வெறும் ‘ங்க’ போதும். முறைப்பெயரைக் கூப்பிட்டவரின் பேச்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் ஸ்கிரிப்டில் முழு வாக்கியங்களைவிட, விட்டுவிடக் கூடாத செய்திகளை எழுதிவைப்பது நல்லது: அவர் சொன்னதைத் திருப்பிச் சொல், சிவப்பு விளக்கைக் கேள், என்ன பார்க்கிறாய், எவ்வளவு நேரம் என்று சொல், கடிகார நேரம் சொல். எப்படிச் சொல்வது என்பதைப் பேசுபவரிடம் விட்டுவிடலாம். ‘இந்த அழைப்பு பதிவாகிறது’ என்பதுபோல மாற்றக் கூடாத வரிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் பலித்ததா என்று பார்க்கப் பதிவான அழைப்புகளில் பழையது இருபது, புதியது இருபது எடுத்துக் கேட்டாலே தெரிந்துவிடும். மூன்றை மட்டும் எண்ணுங்கள்: கூப்பிட்டவர் சொன்னதையே எத்தனை முறை திரும்பச் சொன்னார், பேச்சு முடியும் நேரத்தில் “அப்ப எப்பதான் வரும்?” என்று கேட்டாரா, நடுவே “ஹலோ… இருக்கீங்களா?” என்ற குரல் எத்தனை முறை வந்தது. இந்த மூன்றும் குறைந்திருந்தால் நேரமும் மிச்சமாகியிருக்கும். குறையவில்லை என்றால், மாறியது ஸ்கிரிப்டின் சொற்கள் மட்டும்தான்.