அறச்சார்பு (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்)

அறச்சார்பு அல்லது அலைன்மெண்ட் என்பது, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் அமெரிக்க மேசை விளையாட்டில் ஒரு கதைமாந்தரின் ஒழுக்க இயல்பைக் குறிக்கும் அடையாளம் ஆகும். இவ்விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகப் பேசியும் முடிவெடுத்தும் ஆடுவர். ஆட்டத்தலைவர் சூழலை விவரித்து விளைவுகளைத் தீர்மானிப்பார். கதைமாந்தரால் என்ன செய்ய இயலும் என்பதைப் போர்வீரர், மந்திரவாதி, திருடர் போன்ற பாத்திர வகுப்பு வரையறுக்கிறது. அவர் எத்தகையவர் என்பதை அறச்சார்பு கூறுகிறது.

வளர்ச்சி

1974 இல் வெளியான முதற்பதிப்பில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்று சார்புகளே இருந்தன. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்க்காக் ஆகியோரின் கற்பனைப் புதினங்களின் தாக்கம் இதில் உண்டு. இது குணத்தைக் காட்டியதைவிட, ஒரு பெரும்போரில் யார் எந்தப் பக்கம் என்பதையே காட்டியது எனலாம். பின்னர் நன்மை, தீமை என்னும் இரண்டாம் அச்சு சேர்க்கப்பட்டது. 1978 இல் வெளிவந்த விளையாட்டாளர் கையேட்டில் ஒன்பது சார்புகள் இடம்பெற்றன. மூன்றுக்கு மூன்று கட்டங்களாக வரையப்படும் பட்டியல் இவற்றையே காட்டுகிறது.

ஒழுங்கு என்பதன் சிக்கல்

நன்மை, தீமை என்பவற்றில் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் உடன்படுவர். ஒழுங்கு என்பதிலோ நாட்டின் சட்டத்திற்குக் கீழ்ப்படிதல், மரபைப் பேணுதல், தன்னடக்கம் ஆகிய மூன்றும் கலந்துள்ளன. இவை ஒருவரிடம் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பதில்லை. 2000 இல் வெளியான மூன்றாம் பதிப்பின்படி, பார்பேரியன் வகுப்பினர் ஒழுங்குச் சார்பினராக இருத்தல் கூடாது. அச்சார்புக்கு மாறினால் போரில் வெறிகொள்ளும் ஆற்றலை இழப்பர். ஆயினும் குலமரபைச் சிறிதும் மீறாத ஒரு பழங்குடி வீரரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

பாலடின் என்னும் புனித வீரர் வகுப்பில் இச்சிக்கல் முற்றியது. அவர் ஒழுங்கும் நன்மையும் உடையவராக இருத்தல் வேண்டும். முறையான அதிகாரத்தை மதித்தல், பொய் கூறாமை, துன்புறுவோர்க்கு உதவுதல் ஆகியன அவரது நெறிகள். அரசனின் காவலர்கள், குற்றமற்ற சிறுவன் ஒருவனைக் கொல்லத் தேடிவந்து பாலடினின் கதவைத் தட்டுகின்றனர் எனக் கொள்வோம். உண்மையைச் சொன்னால் சிறுவன் இறப்பான். பொய் சொன்னால் நெறி மீறப்படும். வாய்திறக்க மறுத்தால் அதிகாரத்தை அவமதித்ததாகலாம். பெரும் நெறிமீறல் நேர்ந்தால் பாலடின் தம் தெய்வீக ஆற்றல்களை இழப்பார். கழுவாய் செய்தே அவற்றை மீளப் பெறலாம். எது பெரும் மீறல் என்பதை ஆட்டத்தலைவரே முடிவு செய்வதால், கதைமாந்தரின் தடுமாற்றமாக இருக்கவேண்டியது மேசையைச் சுற்றியிருப்போரின் வாக்குவாதமாக மாறுவதுண்டு.

பிற்கால மாற்றங்கள்

2008 இன் நான்காம் பதிப்பு ஒன்பதை ஐந்தாகக் குறைத்தது. அவற்றுள் சார்பின்மையும் ஒன்று. 2014 இன் ஐந்தாம் பதிப்பில் ஒன்பது சார்புகளும் மீண்டன, ஆனால் பாலடினுக்கான கட்டுப்பாடு நீங்கியது. இப்போது அவரைப் பிணைப்பது அவர் ஏற்ற சூளுரை. பழிதீர்க்கும் சூளுரை ஏற்றவர் காவலரிடம் பொய் சொல்லத் தடையில்லை. அர்ப்பணிப்புச் சூளுரை ஏற்றவர்க்கோ 2014 பதிப்பில் பொய் விலக்கப்பட்டிருந்தது.