வழியா, வலியா?

“வழியில இருக்கேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன்” என்று போனிடம் சொல்கிறீர்கள். திரையில் விழுவது “வலியில இருக்கேன்”. அனுப்பிவிட்டால் வீட்டில் பதறிப்போவார்கள்.

நம்மில் பலர் பேச்சில் ழகரத்தை லகரமாகவோ ளகரமாகவோதான் உச்சரிக்கிறோம். ஒலி ஒன்றாகிவிட்டால், பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் போன் ஊகிக்க வேண்டும். “பஸ்ல வந்துட்டிருக்கேன், வழியில...” என்று முழு வாக்கியமாகச் சொன்னால் அதற்குப் பிடி கிடைக்கும்.

வலியும் சரியான சொல்தான் என்பதால் எழுத்துப்பிழைச் சிவப்புக்கோடு வராது. வாய்விட்டு வாசித்தாலும் நம் காதுக்குத் தெரியாது. ல, ள, ழ வரும் இடங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தவறு தெரிந்தால் மொத்தத்தையும் அழித்து மறுபடி பேசாதீர்கள், அதே பிழைதான் பெரும்பாலும் திரும்பி வரும். ‘லி’க்குப் பின்னால் விரலை வைத்து, அதை மட்டும் அழித்து, ‘ழி’யைக் கையால் தட்டுங்கள்.