தலைகீழாக விழுந்த கோப்பைகள்

கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து, உள்ளே இருந்தது கொட்டிக் கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்தே நிற்கின்றன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி ஓர் ஆறு, அதன்மேல் பாலம், அக்கரையில் ஒரு கோட்டை. டாரட் கட்டில் ‘கோப்பை ஐந்து’ என்ற சீட்டின் படம் இது. இழந்ததையே பார்த்துக்கொண்டு இருப்பதைக் கோட்டை விட்ட மனிதர் என்று எவரும் சொல்லிவிடலாம். அதற்குப் பயிற்சி தேவையில்லை.

இதே சீட்டு தலைகீழாக விழுந்தால் என்ன பொருள்? இங்கேதான் டாரட் பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். துக்கம் தீர்ந்தது என்பார் ஒருவர். துக்கம் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சத்தமில்லாமல் சீட்டை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, “நான் தலைகீழ் பார்ப்பதில்லை” என்பார்.

முதலில், ஒரு சீட்டு எப்படித் தலைகீழாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். கடையிலிருந்து வரும் புதுக் கட்டில் 78 சீட்டுகளும் ஒரே திசையில் இருக்கும். ரம்மிக்குக் கலைப்பதுபோல் கையில் வைத்து எத்தனை முறை கலைத்தாலும் வரிசை மாறுமே தவிர, ஒரு சீட்டுகூடத் தலைகீழாகாது. அதனால் சிலர் கட்டை மேசைமேல் பரப்பி இரண்டு கைகளாலும் வட்டமாகக் கலைக்கிறார்கள். சிலர் கட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அரைச் சுற்று திருப்பி மறுபாதியோடு சேர்க்கிறார்கள். சீட்டைத் திறக்கும் விதமும் முக்கியம். புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்பினால் சீட்டு இருந்த திசையிலேயே இருக்கும். கீழ் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கிப் புரட்டினால் நேர்ச் சீட்டு தலைகீழாகிவிடும். பழகாத கை இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றிப் புரட்டினால், அங்கே பேசுவது விதியா மணிக்கட்டா என்று தெரியாது.

நன்றாகக் கலைந்த கட்டில் ஒவ்வொரு சீட்டும் தலைகீழாக வரும் வாய்ப்பு சரிபாதி. பத்துச் சீட்டுகள் வைத்தால் சராசரியாக ஐந்து தலைகீழாக இருக்கும். பத்தில் ஏழோ அதற்கு மேலோ தலைகீழாக வருவதும் அபூர்வமில்லை. ஏறக்குறைய ஆறு முறைக்கு ஒரு முறை வரும். “இவ்வளவு தலைகீழா! உங்கள் வாழ்க்கையே முட்டிக்கொண்டு நிற்கிறது” என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

டாரட் பிறந்தது குறி சொல்வதற்காக இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அது ஒரு சீட்டு விளையாட்டு. 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலன் என்ற அறிஞர், இது பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தையே அப்போது யாராலும் படிக்க முடியாது; ஷாம்போலியோன் அதைப் படித்துக் காட்டியது 1822இல்தான். ஆனாலும் கதை நிலைத்துவிட்டது.

தலைகீழ்ச் சீட்டின் கதை அதற்குச் சற்று முந்தியது. அதே பாரிஸில் ழான் பாப்டிஸ்ட் அலியெத் என்பவர் தன் பெயரைப் பின்னிருந்து எழுதி ‘எத்தெய்யா’ ஆனார். தலைகீழ்ப் பொருளைப் பரப்பியவருக்குப் பொருத்தமான பெயர்தான்! 1770இல் அவர் வெளியிட்ட நூல் டாரட்டைப் பற்றியதல்ல. 32 சீட்டுகள் கொண்ட சாதாரண விளையாட்டுக் கட்டை வைத்துக் குறி பார்ப்பது பற்றியது. அதில் ஒரு சீட்டுக்கு நேராக வந்தால் ஒரு பொருள், தலைகீழாக வந்தால் வேறு பொருள். 32 சீட்டுகள் 64 பொருள்களாகிவிட்டன. நம் ரம்மிக் கட்டில் இது நடக்காது. ராஜாவுக்கும் ராணிக்கும் மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை. அன்றைய பிரெஞ்சுச் சீட்டுகளில் ராஜா காலோடு முழு உருவமாக நின்றார். பிறகு எத்தெய்யா தனக்கென்றே ஒரு டாரட் கட்டு உருவாக்கியபோது, சீட்டின் இரு முனைகளிலும் பொருளை அச்சடித்தே கொடுத்தார். எப்படி விழுகிறதோ அப்படிப் படித்தால் போதும். யோசிக்க வேண்டிய வேலையே இல்லை.

இன்று உலகில் பெரும்பாலோர் பயன்படுத்துவது 1909இல் லண்டனில் வெளியான ரைடர் கட்டு. ஏ. இ. வெயிட் வடிவமைப்பைச் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். மேலே சொன்ன போர்வைக்காரர் அவர் வரைந்தவர்தான். வெயிட் இந்தக் கட்டுக்கு எழுதிய விளக்க நூலில் தலைகீழ்ப் பொருள்களும் உண்டு. கோப்பை ஐந்துக்கு அவர் தரும் தலைகீழ்ப் பொருள் என்ன தெரியுமா? செய்தி, உறவு, வம்சம், திரும்பி வருதல் என்று போகிறது பட்டியல். படத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய குறிப் பட்டியல்களிலிருந்து வந்த சொற்கள் அவை, படம் புதியது. வெயிட்டும் ஸ்மித்தும் உறுப்பினர்களாக இருந்த ‘கோல்டன் டான்’ என்ற மந்திரச் சங்கத்தின் முறையோ முற்றிலும் வேறு. அங்கே சீட்டின் திசை கணக்கில்லை; பக்கத்துச் சீட்டு நெருப்பா நீரா என்று பார்த்துத்தான் பலம் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

மனப்பாடப் பட்டியலைக் கைவிட்டு, படத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வலுத்தது. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் பொல்லாக்கின் நூல்கள் அதில் முக்கியமானவை. மேரி கே. கிரீர் 1984இல் எழுதிய நூல், சீட்டைத் தனக்குத்தானே வைத்து, நாட்குறிப்பு எழுதிப் பழகச் சொன்னது. அவரே 2002இல் தலைகீழ்ச் சீட்டுகளுக்கென்று தனி நூல் எழுதி, ஒரு தலைகீழ்ச் சீட்டைப் பன்னிரண்டு விதமாகப் பார்க்கலாம் என்றார். தடைபட்டிருக்கலாம், தாமதமாகலாம், உள்முகமாகத் திரும்பியிருக்கலாம், அளவு மீறியிருக்கலாம், பிடியிலிருந்து விடுபட்டுக்கொண்டிருக்கலாம் என்று அந்த வரிசை நீள்கிறது.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஒரு சீட்டுக்குப் பன்னிரண்டு பொருள் இருந்தால், நாளை நடக்கப்போவதை அது எப்படிச் சொல்லும்? துக்கம் தீரும், தீராது என்ற இரண்டும் ஒரே சீட்டில் இருக்கின்றன. எது நடந்தாலும் சீட்டு சரிதான். கணிப்பாக எடுத்துக்கொண்டால் இது பயனற்றது. ஆனால் ஒரே படத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கேள்விகள் என்று எடுத்துக்கொண்டால், உட்கார்ந்து பேச நிறையக் கிடைக்கும். சீட்டைக் கணிப்பாகப் பார்க்காமல் கண்ணாடியாகப் பார்க்கிறோம் என்று இன்றைய டாரட்காரர்கள் பலர் சொல்வதற்கு, தலைகீழ்ச் சீட்டுகளே நல்ல காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கற்பனை உதாரணம். கூட்டாளியோடு நடத்திய தையல் கடையை நஷ்டத்தில் மூடிய ஒரு பெண் வருகிறார். கூட்டாளி மறுபடி கூப்பிடுகிறார். “திரும்பத் தொடங்கினா கடை ஓடுமா?” என்பது அவர் கேள்வி. இந்த வகை ரீடர் கேள்வியை அப்படியே எடுக்கமாட்டார். “ஓடுமான்னு எனக்குத் தெரியாதும்மா. உங்களைத் தயங்க வைக்கிறது எதுன்னு பார்க்கலாமா?” என்பார். தலைகீழ்ச் சீட்டு வந்தால் அதைத் தடை என்று மட்டுமே எடுப்பேன் என்பதையும் கலைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். மூன்று சீட்டுகள்: இதுவரை நடந்தது, தயக்கம், அடுத்த வேலை.

முதலில் ‘நாணயம் மூன்று’, நேராக. தேவாலயத்தில் ஒரு கல்தச்சர் வேலை செய்ய, அவரோடு இரண்டு பேர் வரைபடத்துடன் நிற்கும் படம். “உங்க கடையில வரைபடம் யார் கையில இருந்தது?” என்று கேட்கிறார் ரீடர். கூட்டாளி கையில்தான் என்கிறார் பெண். துணி எடுப்பது, விலை வைப்பது எல்லாம் அவர். தைப்பது மட்டும் இவர்.

இரண்டாவது, தலைகீழாக, நம் கோப்பை ஐந்து. துக்கப்படுவது தடைபட்டிருக்கிறது என்று கொண்டு, “போன நஷ்டத்தைப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா?” என்கிறார். பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க வீட்ல யாரும் அதைப் பேசறதே இல்லைங்க. பேசினா சண்டை வரும்” என்கிறார். நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோப்பைகளைக் காட்டி, என்ன மிஞ்சியது என்று கேட்டால், இரண்டு தையல் மெஷின்களும் இன்னும் வீட்டுக்கே தேடி வரும் சில வாடிக்கையாளர்களும் என்று பதில் வருகிறது.

மூன்றாவது ‘நீதி’, நேராக. கையில் வாளும் தராசும். பழைய கணக்கு தீர்ந்ததா என்று ரீடர் கேட்க, கடை அட்வான்ஸ் பணத்தை இன்னும் பிரிக்கவே இல்லை என்பது வெளியே வருகிறது. புதுக் கடைப் பேச்சுக்கு முன் அந்தக் கணக்கை எழுதி முடிப்பது என்று பெண் தீர்மானிக்கிறார். கடை ஓடுமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவையும் சீட்டு இல்லாமலே ஒரு நல்ல தோழி கேட்டிருக்கலாம். உண்மைதான். தோழிக்கோ எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும். சீட்டுக்கு அந்த நாசூக்கு கிடையாது. எந்தப் படம் வரும் என்பது இருவர் கையிலும் இல்லாததால், இருவரும் தவிர்த்துவந்த பேச்சும் மேசைக்கு வந்துவிடுகிறது. நான் பார்த்தவரை டாரட்டின் வேலை இவ்வளவுதான், இதுவே கணிசம்தான்.

ஆனால் சீட்டு ‘பலித்தது’ என்ற உணர்வை நம்பிவிடக் கூடாது. உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு அவரவர் குணவிவரம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! அதில் பல வரிகள் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1949இல் வெளியான இந்த ஆய்வை, கண்ணாடி என்று சொல்பவர்களும் மறக்கக் கூடாது. “உங்களுக்குள் ஒரு பேசாத துக்கம் இருக்கிறது” என்றால் பொருந்தாதவர் யார்? தையல்கடைக்காரப் பெண்ணுக்குப் பயன்பட்டது அந்த வாக்கியம் அல்ல; அட்வான்ஸ் பணம் என்ற, அவரே சொன்ன விவரம்.

தலைகீழ்ச் சீட்டில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. சொன்னது பொருந்தவில்லை என்று எதிரே இருப்பவரின் முகம் காட்டியதும், “இது தலைகீழ் அல்லவா, அதனால் உள்ளுக்குள் நடக்கிறது” என்று நழுவிவிடலாம். அதனால் காசு கொடுத்து உட்காருபவர் கலைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: தலைகீழ் பார்ப்பீர்களா, பார்த்தால் எந்தப் பொருளில்? பதில் எதுவானாலும் சரி. சீட்டு திறந்த பிறகு அது மாறுகிறதா என்று கவனித்தால் போதும். தலைகீழாக வந்ததைக் காட்டிப் பயமுறுத்தி, கழிப்புக்கென்று தனியாகப் பணம் கேட்டால் எழுந்துவிடலாம். நோய், வழக்கு, ஆயுள் பற்றிய கேள்விகளைப் பொறுப்பான ரீடர்கள் எடுப்பதில்லை. டாக்டரிடமும் வக்கீலிடமும் அனுப்பிவிடுவார்கள். ஒரே கேள்வியோடு அடுத்த வாரமே திரும்பி வருபவரிடம் சீட்டை எடுக்காமல், “போன தடவை சொன்ன கணக்கை முடிச்சீங்களா?” என்றுதான் கேட்பார்கள்.