அசல் அசையாத பத்து ஆண்டுகள்

முப்பது லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை. மாதம் ஏறத்தாழ 26,992 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்கே 22,500 போய்விடும். அசலில் கழிவது வெறும் 4,492. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அசல் குறையக் குறைய அடுத்த மாத வட்டியும் குறைகிறது. பத்தாண்டு முடிவில் பாக்கி 21.31 லட்சம், கட்டிய வட்டி 23.70 லட்சம்.

வட்டி மட்டும் கட்டுபவருக்கு மாதம் 22,500தான். பத்தாண்டில் வட்டி 27 லட்சம் கட்டியிருப்பார்; பாக்கி அதே 30 லட்சம். முதலாமவர் கூடுதலாகக் கட்டியது 5.39 லட்சம், அவருக்குக் குறைந்த பாக்கியோ 8.69 லட்சம்!

இனி மீதிப் பத்தாண்டில் அசலையும் அடைக்க வேண்டுமென்றால், இவருடைய தவணை ஒரே மாதத்தில் 38,000 ரூபாய்க்குத் தாவும்.