நான்கு ரோட்டில் இரண்டு வண்டி

சுற்றிலும் வயல். மேற்கிலிருந்து ஒரு கார் வருகிறது, தெற்கிலிருந்து ஒரு பைக். இரண்டு ரோடும் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் சந்திப்பை நோக்கி இரண்டும் ஒரே சீராக ஓடுகின்றன. காரின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர். பைக் மணிக்கு 54 கிலோமீட்டர், நொடிக்கு 15 மீட்டர். இந்தக் கணத்தில் சந்திப்புக்குக் கார் 60 மீட்டரிலும் பைக் 80 மீட்டரிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் என்ன வேகத்தில் குறைகிறது?

20-ஐயும் 15-ஐயும் கூட்டி 35 என்று சொல்லத் தோன்றும். ஒரே ரோட்டில் எதிரெதிரே வந்தால் அது சரி. இங்கே இரண்டும் ஓடுவது சந்திப்பை நோக்கி, ஒன்றையொன்று நோக்கி அல்ல.

சந்திப்பிலிருந்து காரின் தூரம் x, பைக்கின் தூரம் y, இடையிலுள்ள குறுக்குத் தூரம் z என்று வைத்துக்கொள்வோம். பித்தாகரஸ் சொன்னபடி x² + y² = z². இது இந்தக் கணத்துக்கு மட்டுமல்ல, எந்தக் கணத்துக்கும் உண்மை. ஆகவே x, y குறைகிற வேகம் தெரிந்தால் z குறைகிற வேகமும் தெரிந்துவிடும்.

எப்படி? 60 மீட்டர் பக்கமுள்ள சதுர மனை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வேலியையும் வடக்கு வேலியையும் ஒரு சாண் உள்ளே தள்ளினால், 60 மீட்டர் நீளத்தில் இரண்டு பட்டை நிலம் போய்விடும். மூலையில் ஒரு சிறு துண்டை இரண்டு முறை கணக்கில் எடுத்துவிடுகிறோம். ஆனால் தள்ளும் தூரம் சிறுக்கச் சிறுக்க அந்தத் துண்டு பொருட்டே இல்லாமல் போகும். ஆக, ஒரு சதுரம் சுருங்கும் வேகம் பக்கத்தின் இரண்டு மடங்கைப் பக்கம் குறையும் வேகத்தால் பெருக்கியது. பள்ளியில் வகையிடல் என்று படித்தது இதைத்தான். மூன்று சதுரங்களுக்கும் அப்படி எழுதி, பொதுவாக நிற்கும் 2-ஐ அடித்துவிட்டால் கிடைப்பது:

z·z′ = x·x′ + y·y′

மேலே ஒரு கோடு போட்டது மாறும் வேகம். குறைந்தால் கழித்தல் குறி. இப்போது எண்களைப் போடலாம்: 60 × (−20) + 80 × (−15) = −2400. z இப்போது 100 மீட்டர். வகுத்தால், தூரம் நொடிக்கு 24 மீட்டர் குறைகிறது.

எண்களை எப்போது போடுகிறோம் என்பதில்தான் பலர் வழுக்குவார்கள். முதலிலேயே 60, 80, 100 என்று போட்டுவிட்டு வகையிட்டால், மாறாத எண்ணை வகையிட்டதாகிவிடும். விடை பூஜ்யம் வரும். ஓடுகிற வண்டியைப் போட்டோ எடுத்து, போட்டோவில் வேகத்தைத் தேடுவது மாதிரி. விடையைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு: 20² + 15² = 625, அதன் வர்க்கமூலம் 25. இந்த இரண்டு வேகங்களோடு செங்குத்து ரோடுகளில் ஓடினால், தூரம் நொடிக்கு 25 மீட்டருக்கு மேல் குறையவே முடியாது. 35 என்று வந்தால் எங்கோ பிசகு.

வண்டிகளின் வேகம் மாறவில்லை. ஆனால் 24 என்ற விடை நிற்காது. 3 நொடி கழித்துக் கார் சரியாகச் சந்திப்பில் இருக்கும், பைக் 35 மீட்டர் பின்னால். x பூஜ்யமானதால் அந்தக் கணம் காரின் வேகத்துக்குக் கணக்கில் இடமே இல்லை. தூரம் பைக்கின் வேகத்திலேயே, நொடிக்கு 15 மீட்டர், குறைகிறது. 3.84-வது நொடியில் குறைவது நின்றுவிடும். அப்போது இடைவெளி 28 மீட்டர். அதற்குமேல் இரண்டும் நெருங்காது. 4-வது நொடியில் கார் 20 மீட்டர் தாண்டிப் போயிருக்க, பைக்குக்கு இன்னும் 20 மீட்டர் பாக்கி. தூரம் கூடத் தொடங்கிவிட்டது, நொடிக்கு சுமார் மூன்றரை மீட்டர். (வண்டிகளைப் புள்ளிகளாக எடுத்த கணக்கு இது. காருக்குப் பதில் நீளமான லாரி என்றால் இடைவெளி இன்னும் குறையும்.)

இப்போது ஒரே ஒரு மாற்றம். கார் 80 மீட்டரில், பைக் 60 மீட்டரில். இடைத்தூரம் அதே 100. கணக்கு: 80 × 20 + 60 × 15 = 2500. நொடிக்கு 25 மீட்டர், அந்த உச்சவரம்பேதான்! ஒரு நொடி கழித்துப் போட்டாலும் 25, இரண்டு நொடி கழித்தும் 25. ஏனென்றால் 80-ஐ 20-ஆல் வகுத்தாலும் 4, 60-ஐ 15-ஆல் வகுத்தாலும் 4. இரண்டும் ஒரே நொடியில் சந்திப்பில் இருக்கும். நெருங்கும் வேகம் உச்சத்தில் நின்று மாறாமல் இருப்பதுதான் மோதலின் அடையாளம்.

கார் ஓட்டுபவருக்கு இது தெரியுமா என்றால், தெரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். 80-க்கு 60 என்ற விகிதம் கடைசிவரை மாறுவதில்லை. அதனால் பைக் எப்போதும் அவருக்கு வலப்பக்கம், நேர்முன்னிலிருந்து சுமார் 37 டிகிரி தள்ளி, ஒரே இடத்தில் தெரியும். நகராத பொருளைக் கண் எளிதில் விட்டுவிடும். கண்ணாடியின் வலது ஓரத்துத் தூண் அந்தத் திசையில் அமைந்துவிட்டால் பைக் அதன் பின்னாலேயே வரும். இன்னொரு கப்பல் ஒரே திசையில் தெரிந்துகொண்டே நெருங்கினால் மாலுமிகள் உடனே சுதாரிப்பது இதனால்தான். ரோட்டிலோ அந்தப் பைக், மோதுவதற்கு ஒரு நொடி முன்புகூட 25 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். அதே இடத்தில், அசையாமல்.