திருக்குர்ஆனில் படைப்புப் பொருள்கள் மீதான சூளுரைகள்: உரையாசிரியர் விளக்கங்களும் தமிழாக்கச் சிக்கலும்

திருக்குர்ஆனின் அத்தியாயங்கள் சில சூளுரையோடு தொடங்குகின்றன. 91ஆம் அத்தியாயமாகிய ‘அஷ்ஷம்ஸ்’ சூரியனை முன்னிறுத்திச் சூளுரைக்கிறது. தொடர்ந்து நிலவு, பகல், இரவு, வானம், நிலம், மனித ஆன்மா ஆகியன வருகின்றன. 95ஆம் அத்தியாயமாகிய ‘அத்தீன்’ அத்தியையும் ஒலிவத்தையும் முன்னிறுத்தித் தொடங்கி, சினாய் மலையையும் மக்கா நகரையும் அவற்றோடு சேர்க்கிறது. சூளுரைப்பவன் இறைவன், சூளுக்குரிய பொருளோ அவன் படைத்தது. உரையாசிரியர்களை இது நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. மனிதர் இறைவன் பெயரால் அன்றி வேறெதன் பெயராலும் சூளுரைக்கலாகாது என்பது நபிமொழிவழி வந்த விதியாதலின் இவ்வினா மேலும் கூர்மை பெற்றது.

வினாவின் அடியில் ஒரு முற்கோள் உள்ளது. சூளுரைப்பவன் தன்னினும் உயர்ந்ததொன்றைத் தொட்டே சூளுரைப்பான். பொய்த்தால் அது தன்னை ஒறுக்கும் என்று அஞ்சுவான். தமிழ் மரபில் இம்முற்கோளைப் பரிபாடலின் எட்டாம் பாடல் நன்கு காட்டும். தலைவன் வையை மணலையும் திருப்பரங்குன்றத்தையும் தொட்டுச் சூளுரைக்கும்போது தோழி தடுக்கிறாள். மணலும் குன்றும் படைப்புப் பொருள்களே. ஆயினும் முருகனுக்கு உரியனவாதலின் பொய்ச்சூள் தலைவனை வருத்தும் என்பது அவள் அச்சம். வஞ்சினம் இதனின் வேறானது. புறநானூற்றின் 72ஆம் பாடலில் பாண்டியன் நெடுஞ்செழியன் எப்பொருளையும் தொட்டுச் சூளுரைப்பதில்லை. பகைவரை வெல்லாவிடின் தனக்கு வரவேண்டிய இழிவுகளையே அடுக்குகிறான். தொட்ட பொருள் ஒறுக்கும் என்னும் எண்ணத்தைக் குர்ஆனின் சூளுரைகளுக்கு ஏற்றும்போதுதான் சிக்கல் எழுகிறது. இறைவனை ஒறுக்கச் சூரியனால் ஆகுமா?

மரபுவழி விடைகளை ஸுயூத்தீ (இறப்பு 1505) தம் ‘அல்இத்கான்’ நூலில் மூன்றாகத் தொகுத்துள்ளார். சூரியன் என்னுமிடத்தில் ‘சூரியனின் இறைவன்’ எனத் தொக்கு நிற்பதாகக் கொள்வது முதல் விடை. அரபியர் இப்பொருள்களை மதித்து அவற்றின்மீது சூளுரைத்து வந்தமையால் அவர்தம் வழக்கிலேயே வேதம் இறங்கியது என்பது இரண்டாவது. இறைவனுக்கு மேலானது ஒன்றுமில்லை. எனவே அவன் தன்மீதும், தன்னைச் சுட்டிக்காட்டும் தன் படைப்புகள் மீதும் சூளுரைக்கிறான் என்பது மூன்றாவது.

முதல் விடை தமிழ் இலக்கண மாணவர்க்கு எளிதில் ஏற்புடையதாகத் தோன்றும். தொகை நமக்குப் பழகியது. ஆனால் அதனைப் பனுவலே மறுக்கிறது என்று ஃபக்ருத்தீன் ராஸீ (இறப்பு 1209) காட்டினார். ‘அஷ்ஷம்ஸ்’ அத்தியாயத்தில் வானத்தின் மீது சூளுரைத்தபின், அதனைக் கட்டியமைத்தவன் மீதான சூளுரை தனியே வருகிறது. வானம் என்பதே ‘வானத்தின் இறைவன்’ எனப் பொருள்படுமாயின் அடுத்த தொடர் கூறியது கூறலாகிவிடும். இவ்வாதம் ‘மா’ என்னும் ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது. அதனை ‘எவன்’ எனக் கொண்டால் வாதம் நிற்கும். தொழிற்பெயர் ஆக்கும் இடைச்சொல்லாகக் கொண்டால் தொடர் ‘வானமும் அது கட்டப்பட்டமையும்’ எனப் பொருள்பட்டு வாதம் தளரும். ஸமக்ஷரீ (இறப்பு 1144) இரண்டாம் பொருளை ஏற்கவில்லை. ஆன்மாவைப் பற்றிய தொடரில் இதே ‘மா’வை அடுத்து, தீமையையும் நன்மையையும் அதற்கு உணர்த்தியதாக ஒரு வினை வருகிறது. தொழிற்பெயராகக் கொண்டால் அவ்வினைக்குரிய எழுவாய் சிதையும் என்பது அவர் காரணம். அது வலுவான காரணமே.

இம்மூன்று விடைகளையும் தாங்கும் முற்கோளையே மறுத்தவர் உத்தரப் பிரதேசத்து அசம்கர் வட்டாரத்தவரான ஹமீதுத்தீன் ஃபராஹீ (1863–1930). சூளுரை அடிப்படையில் சான்று காட்டலே என்றும், சூளுக்குரிய பொருளை உயர்த்துவது அதன் இன்றியமையா இயல்பன்று என்றும் ‘இம்ஆன்’ என்னும் அரபு நூலில் அவர் வாதிட்டார். அவ்வாறாயின் சூளுரைக்கும் அதனால் உறுதிசெய்யப்படும் கூற்றுக்கும் இடையே சான்றுத்தொடர்பு இருத்தல் வேண்டும். அது உள்ளதா என்று பார்ப்பதே இக்கொள்கையைச் சோதிக்கும் வழி. ‘அஷ்ஷம்ஸ்’ அத்தியாயத்தில் உறுதிசெய்யப்படும் கூற்று, ஆன்மாவைத் தூய்மைப்படுத்தியவன் வென்றான், அதனை மாசுபடுத்தியவன் தோற்றான் என்பது. சூரியனும் நிலவும், பகலும் இரவும், வானமும் நிலமும் என இணைகளாக வந்த வரிசை, நன்மையும் தீமையும் உணர்த்தப்பட்ட ஆன்மாவில் முடிகிறது. வெளியுலகின் இருமை அகத்தின் இருமைக்குச் சான்றாகிறது. இங்குக் கொள்கை இடர்ப்பாடின்றிப் பொருந்துகிறது.

‘அத்தீன்’ அத்தியாயமே கடினமான சோதனை. அங்கு உறுதிசெய்யப்படுவது, மனிதன் மிக அழகிய அமைப்பில் படைக்கப்பட்டுப் பின் தாழ்ந்தவருள் தாழ்ந்தவனாக்கப்பட்டான், நம்பி நற்செயல் புரிந்தோர் நீங்கலாக என்பது. இதற்கு அத்திப்பழம் எவ்வாறு சான்றாகும்? ராஸீ பழத்தின் சிறப்புகளை எடுத்துரைத்தார்: அது உணவு, கனி, மருந்து. சுவையான விளக்கந்தான்; ஆனால் பழத்தின் பயன் மனிதனின் உயர்வு தாழ்வுக்குச் சான்றாவதில்லை. சினாயும் மக்காவும் இடங்களாதலின் அத்தியும் ஒலிவமும் இடங்களையே குறிக்கும் எனத் தொடக்ககால உரையாளர் சிலர் கருதினர். திமிஷ்கு நகர் அமைந்த மலை, எருசலேமின் மலை எனப் பொருள் கொண்டனர். ஃபராஹீ இவ்வழியையே ஏற்றார். ஒலிவத்தை ஈசா நபியின் வரலாற்றோடு தொடர்புடைய ஒலிவ மலையாகவும், அத்தியை நூஹ் நபியின் வரலாற்றோடு தொடர்புடைய ஜூதி மலைப்பகுதியாகவும் கொண்டார். நான்கும் இறைத்தீர்ப்பு நிகழ்ந்த இடங்களாயின், தீர்ப்பு நாளைப் பொய்யாக்க இனி என்ன உள்ளது என்னும், அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் வரும் வினா நன்கு பொருந்தும்.

ஆனால் இவ்வழியை மிகமுன்னரே தபரீ (இறப்பு 923) எடைபோட்டிருந்தார். இருதிறக் கருத்துகளையும் பதிவுசெய்தபின், அத்தி என்பது உண்ணும் அத்தி, ஒலிவம் என்பது எண்ணெய் பிழியும் ஒலிவம் என்றே அவர் முடிவுசெய்தார். அரபியர் அறிந்த பொருள் அதுவே. ‘தீன்’ என்னும் பெயருடைய மலை அறியப்படவில்லை. அத்தி விளையும் இடத்தைச் சுட்டியதாகக் கொள்ளலாம் என்று இடம் தந்த அவரே, அதற்குப் பனுவலிலோ மரபிலோ ஆதாரமில்லை என்பதையும் சேர்த்தார். சொற்பொருளில் தபரீயும் அத்தியாய ஒழுங்கில் ஃபராஹீயும் வலுவுடையோர். ஃபராஹீயின் கொள்கைக்கு ‘தீன்’ இடப்பெயராதல் இன்றியமையாதது. அவ்விடப்பெயருக்கோ தபரீ கேட்ட ஆதாரம் இன்னும் தேவைப்படுகிறது.

இவ்வேறுபாட்டைத் தமிழாக்கம் தவிர்க்க முடியாது. அரபியில் ‘வ’ என்னும் ஒற்றை எழுத்தே சூளுரைக்குப் போதும். தொடர்ந்து வருவனவற்றில் அதே எழுத்து இணைப்பிடைச்சொல்லாகவும் கொள்ளத்தக்கது. அவ்விணைப்பைத் தமிழின் உம்மை எளிதாகத் தாங்கும். முதல் ‘வ’வுக்கு மட்டும் தமிழில் முழுச்சொல் ஒன்று வேண்டும். ‘சூரியன் மீது சத்தியமாக’ என்று எழுதும்போது தலையிலும் கற்பூரத்திலும் கைவைத்துச் செய்யும் சத்தியத்தின் நினைவு, ஒறுக்கும் ஆற்றலோடு, உடன் வந்துவிடுகிறது. உரையாசிரியர்கள் நீக்க முயன்ற சிக்கல் தமிழ்ச் சொல்லிலேயே மீண்டும் நுழைகிறது. ‘சூரியன் சான்றாக’ என்றால் ஃபராஹீயின் கொள்கையை மொழிபெயர்ப்பாளர் முன்னரே ஏற்றவராகிறார். ‘ஆணை’யோ ஏவலையும் குறிக்கும் சொல்லாதலின் ‘சூரியன் ஆணை’ என்பது சூரியன் இட்ட கட்டளையாகவும் படிக்கப்படலாம்.

அத்தியிலும் இதுபோன்ற நழுவல் உண்டு. நம் நாட்டு அத்தி அடிமரத்தில் கொத்தாகக் காய்ப்பது. குர்ஆனின் ‘தீன்’ மேற்காசியாவுக்குரிய சீமை அத்தி. புதுச்சேரிக் கடைகளில் உலர்த்திக் கயிற்றில் கோத்து விற்கப்படுவது பின்னதே. இரண்டுக்கும் பெயர் மட்டும் அத்தி. தமிழ் வாசகர் ‘அத்தி’யைப் படிக்கும்போது நினைவுக்கு வரும் மரம் ராஸீ புகழ்ந்த பழத்தைத் தருவதன்று, திமிஷ்குச் சுற்றுப்புறங்களில் விளைவதும் அன்று. பழமே பொருள் எனக் கொள்ளும் மொழிபெயர்ப்பு ‘சீமை அத்தி’ என்றெழுதலாம். இடமே பொருள் எனக் கொள்வது ‘தீன்’ என்னும் பெயரை அப்படியே வைத்து அடிக்குறிப்பில் தபரீயின் மறுப்பையும் தருதல் வேண்டும்.