ஜன்னல் சட்டத்துக்குள் ஒரு சிறுவன்

பனி கொட்டிக் கிடக்கும் முற்றத்தில் ஒரு சிறுவன் தனியாக விளையாடுகிறான். பனியை உருட்டி எறிகிறான், கத்துகிறான், ஓடுகிறான். முதலில் அவன் மட்டும்தான் தெரிகிறான். பிறகு கேமரா மெல்லப் பின்னால் நகர்கிறது. அப்போதுதான் நாம் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று புரிகிறது. ஜன்னலருகே அவனுடைய அம்மா. அவள் திரும்பி உள்ளே நடக்கிறாள். கேமரா அவளுக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டே அறை முழுவதையும் கடந்து ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. அம்மா மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் வங்கிக்காரர் நீட்டும் பத்திரத்தைப் படிக்கிறாள். கையெழுத்துப் போட்டால் மகன் அவளுடையவன் இல்லை. வங்கிக்காரரின் பொறுப்பில் ஊரை விட்டுப் போய்விடுவான். அப்பா இடப்பக்கம் நின்று, வேண்டாம் என்று வாதாடுகிறார். இவர்கள் மூவருக்கும் பின்னால், ஜன்னல் சட்டத்துக்குள், விரல் நுனி அளவுக்குச் சுருங்கிப்போன அந்தச் சிறுவன் இன்னும் விளையாடிக்கொண்டே இருக்கிறான்.

1941இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தின் காட்சி இது. இயக்குநர் ஆர்சன் வெல்ஸ், ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட். ஒரு ஃபிரேமுக்குள் ஆழத்தை உண்டாக்குவது எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த ஒரே ஷாட்டைத்தான்.

முன்தளம், நடுத்தளம், பின்தளம் என்ற மூன்றும் இங்கே எவ்வளவு துல்லியமாகப் பிரிந்திருக்கின்றன என்று பாருங்கள். முன்னால் மேசை, பத்திரம், பேனா: முடிவு எடுக்கும் இடம். நடுவில் அப்பா. முடிவை எதிர்க்கிறார், ஆனால் தடுக்கும் வலு அவருக்கு இல்லை. அதனால் அவரால் மேசைக்கும் வர முடியவில்லை, மகனிடமும் போக முடியவில்லை. பின்னால் அந்த முடிவுக்கு ஆளாகப்போகிற சிறுவன். அவனுக்கு எதுவும் தெரியாது. கதையில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை, யார் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதே சொல்லிவிடுகிறது.

ஆண்டுக்கு 50,000 டாலர் பெற்றோருக்கு வரும் என்று வங்கிக்காரர் வாசித்ததும் அப்பாவின் எதிர்ப்பு அடங்கிவிடுகிறது. அவர் போய் ஜன்னலை மூடுகிறார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சிறுவனின் குரல் அறுந்துபோகிறது. அடுத்த கணம் அம்மா எழுந்து நடந்து, அதே ஜன்னலைத் திறக்கிறாள். பின்தளத்தில் ஒரு கதவு சாத்தித் திறப்பதுதான் நடக்கிறது. ஆனால் இரண்டு பேரின் மனசும் அதில் தெரிந்துவிடுகிறது.

இதையே தட்டையாக எடுத்திருக்கலாம். மேசைக்குப் பின்னால் மூன்று பேரையும், கல்யாண வீட்டு குரூப் போட்டோ போல, ஒரே தூரத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கலாம். பிறகு அம்மாவின் முகம், வங்கிக்காரரின் முகம், வெளியே பையன் என்று வெட்டி வெட்டிக் காட்டியிருக்கலாம். கதை புரிந்திருக்கும். ஆனால் பேனா காகிதத்தைத் தொடும் அதே கணத்தில் சிறுவன் சிரித்துக்கொண்டிருப்பதை நாம் பார்த்திருக்க மாட்டோம். வெட்டிக் காட்டும்போது ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகிற இரண்டும் இங்கே ஒன்றாகவே தெரிகின்றன. வலி அந்த ஒன்றாகத் தெரிவதில்தான் இருக்கிறது.

எப்படி எடுத்தார்கள் என்பதற்கு வருவோம். டோலண்ட் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் வைட் லென்ஸைப் பயன்படுத்தினார். லென்ஸின் துவாரத்தை எஃப்/8, சில இடங்களில் அதைவிடவும் சிறிதாகச் சுருக்கினார். துவாரம் சிறுத்தால் ஃபோகஸில் விழும் தூரம் கூடும். கணக்குப் போட்டால் வித்தியாசம் விளங்கும். 24 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, சுமார் 3 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒன்றரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். அதே துவாரத்தில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால், தொடுவானம் தெளிவாக வேண்டுமென்றால் ஆறு மீட்டருக்கு இந்தப் பக்கம் யாரையும் நிறுத்த முடியாது. மேசைக்காரர்கள் கலங்கிப்போவார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்தக் கால ஸ்டூடியோக்களில் துவாரத்தை அகலமாகத் திறந்துவைத்துப் படமெடுப்பதே வழக்கம். எஃப்/2.8இலிருந்து எஃப்/8க்கு இறங்கினால் 8 மடங்கு வெளிச்சம் வேண்டும். அதனால்தான் டோலண்டுக்கு வலுவான ஆர்க் விளக்குகளும், அப்போது புதிதாக வந்திருந்த வேகமான ஃபிலிமும், ஒளிச்சிதறலைக் குறைக்கும் பூச்சுப் பூசிய லென்ஸும் தேவைப்பட்டன.

ஆழம் என்றால் எல்லாம் தெளிவாக இருப்பது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அதைவிட முக்கியமானது கேமரா எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பது. ஒருவர் கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டரிலும் இன்னொருவர் 6 மீட்டரிலும் நின்றால், முன்னவர் பின்னவரைப் போல 4 மடங்கு பெரிதாகத் தெரிவார். இருவரும் அசையாமல் நிற்கட்டும். கேமராவை மட்டும் பின்னால் கொண்டுபோய் முன்னவரிடமிருந்து 10 மீட்டரில் வையுங்கள். அவர்களுக்கு இடையே அதே நாலரை மீட்டர்தான். ஆனால் முன்னவர் இப்போது ஒன்றரை மடங்குகூடப் பெரிதாகத் தெரிய மாட்டார். அறையின் ஆழம் காணாமல் போய்விடும். தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்த படம் ஏன் துணியில் வரைந்த சித்திரம் போல ஒட்டிக்கிடக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான். ஆழம் வேண்டுமானால் ஜூம் பண்ணாதீர்கள். முன்னால் இருப்பவரை நெருங்கி நில்லுங்கள்.

டோலண்டுக்கும் எல்லை இருந்தது. அதே படத்தில் கேனின் மனைவி விஷம் குடித்துக் கிடக்கும் காட்சியில், மிக அருகே ஒரு கண்ணாடி டம்ளரும் ஸ்பூனும், நடுவில் நிழலில் அவள், கடைசியில் கேன் உடைத்துக்கொண்டு வரும் கதவு. மூன்றும் ஒரே ஷாட்டில். ஃபிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸன் உட்படப் பலர் இதை ஆழ்ந்த ஃபோகஸுக்கு உதாரணமாகச் சொன்னார்கள். ஆனால் அவ்வளவு அருகில் இருக்கும் டம்ளரையும் தூரத்துக் கதவையும் எந்த லென்ஸாலும் ஒன்றாகத் தெளிவாக்க முடியாது. ஒரு தடவை முன்னால் மட்டும் விளக்குப் போட்டு எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பகுதியை இருட்டாக்கி, பின்னால் விளக்குப் போட்டு மறுபடி எடுத்திருக்கிறார்கள். இதனால் அந்தக் காட்சியின் மதிப்பு எனக்கு ஒரு துளியும் குறையவில்லை. டம்ளர் முன்னால் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது லென்ஸ் அல்ல, கதைதான்.

இன்னொரு சிக்கல், பார்ப்பவரின் கண். பெரிதாக, அருகில் இருப்பதை நோக்கித்தான் அது போகும். அப்படியானால் பின்னால் நடக்கும் முக்கியமான விஷயத்தைக் கவனிக்கவைப்பது எப்படி? இதற்கும் டோலண்ட் ஒளிப்பதிவு செய்த ஒரு படத்தில் பதில் இருக்கிறது. வில்லியம் வைலர் இயக்கி 1946இல் வந்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’. போரிலிருந்து திரும்பிய மூன்று பேர் ஒரு மதுக்கடையில் இருக்கிறார்கள். முன்னால், இரு கைகளையும் இழந்த ஹோமர் தன் இரும்புக் கொக்கிகளால் பியானோ வாசித்துக்காட்டுகிறான். அல் பியானோமேல் சாய்ந்து நிற்கிறார். வெகு தூரத்தில், கடையின் மூலையில் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் ஃப்ரெட் பேசுகிறான். பேசுவது என்னவென்று நமக்குக் கேட்காது. ஆனால் அலின் மகளோடு இருந்த உறவை அவன் முறித்துக்கொண்டிருக்கிறான் என்று நமக்குத் தெரியும். அல் பியானோவைக் கேட்பதுபோல் நிற்கிறார். அவர் பார்வை மட்டும் அடிக்கடி கூண்டுப் பக்கம் போகிறது. அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டு நம் கண்ணும் பின்னால் போகிறது. நடுத்தளத்தில் இருப்பவரின் பார்வைதான் முன்னையும் பின்னையும் இணைக்கும் கயிறு.

இதையெல்லாம் செய்து பார்க்க ஸ்டூடியோ தேவையில்லை. கைபேசி கேமராவின் உணரி மிகச் சிறியது. அதன் லென்ஸின் நிஜமான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான். ஆகவே டோலண்ட் 8 மடங்கு வெளிச்சம் கொட்டி வாங்கிய தெளிவு அதில் தானாகவே வருகிறது. ‘போர்ட்ரெய்ட்’ வைத்துப் பின்னணியை மங்கலாக்கி, கிடைத்ததை நாமே அழித்துவிடுகிறோம்.

மகள் வெளியூர் விடுதிக்குக் கிளம்பும் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா சமையலறைக்குள் இருக்கட்டும். ஒன்றேகால் மீட்டரில், அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். கூடத்தில் மூன்றரை மீட்டரில் மகள் பெட்டியை மூடுகிறாள். ஏழு மீட்டரில், வாசலில் அப்பா ஆட்டோக்காரரிடம் பேசுகிறார். சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள். அம்மா நிழலாக இருக்கட்டும். கூடத்தில் ஒரு விளக்கு. வாசலில் வெயில், அதில் அப்பா கறுப்பு உருவமாகத் தெரிவார். இருட்டு, வெளிச்சம், அதைவிடப் பெரிய வெளிச்சம் என்று மாறுவதால் ஒவ்வொரு தளமும் தனித்தனியாகக் கழன்று நிற்கும். சிட்டிசன் கேனில் அறை மங்கலாகவும் வெளியே பனி வெள்ளையாகவும் இருப்பது இதற்காகத்தான்.

பெரும்பாலும் இங்கேதான் தவறு நடக்கும். மூன்று தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் மாட்டிக்கொள்ளும். அப்பா அம்மாவின் காதிலிருந்து முளைத்ததுபோல் இருப்பார். கேமராவை ஒரு சாண் பக்கவாட்டில் நகர்த்தினாலோ கொஞ்சம் உயர்த்தினாலோ அது பிரியும். கூடத்து விளக்கும் சமையலறை விளக்கும் ஒரே அளவில் எரிந்தால், மகள் நாலு எட்டு தள்ளி நின்றும் அம்மாவோடு ஒட்டித்தான் தெரிவாள்.

இன்னொரு தவறு இப்போது அதிகமாகிவிட்டது. ஆழம் வேண்டும் என்பதற்காக முன்னால் ஒரு கிளையையோ திரைச்சீலையையோ மங்கலாகத் தொங்கவிடுகிறார்கள். படம் அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கிளைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. கண்டுபிடிப்பது எளிது: ஒவ்வொரு தளத்தையும் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். ஊறுகாய் பாட்டிலை மறைத்தால் அம்மாவின் தவிப்பு போய்விடும். வாசலை மறைத்தால் நேரமாகிவிட்டது என்ற அவசரம் போய்விடும். கிளையை மறைத்தால் ஒன்றும் போகாது.

அந்தப் பனிக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு மூன்று முறை பாருங்கள். முதல் முறை அம்மாவின் கையை மட்டும், அடுத்து அப்பாவை மட்டும், கடைசியில் ஜன்னலில் தெரியும் அந்தச் சின்னப் புள்ளியை மட்டும்.